நீட் பிஜி கவுன்சலிங்: சாய்ஸ் பட்டியலை எப்படிப் போடுவது?

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி ரிசல்ட் வந்த அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: “என் ரேங்குக்கு என்ன கிடைக்கும்?” அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. கிடைக்கக்கூடியவற்றை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் அது. ரேங்கை இனி மாற்ற முடியாது. வரிசை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நல்ல ரேங்க் எடுத்தும், வரிசையைத் தப்பாகப் போட்டதால் விருப்பமில்லாத இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி சாய்ஸ் ஃபில்லிங் என்ற ஒரே வேலையைத்தான் பேசுகிறது. பதிவு செய்வது, சான்றிதழ் ஏற்றுவது போன்றவற்றைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

கணினி எப்படி இடம் ஒதுக்குகிறது

முதல் ரேங்க் எடுத்தவரின் பட்டியலைக் கணினி எடுத்து, மேலிருந்து கீழே பார்க்கிறது. காலியாக உள்ள முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு இரண்டாம் ரேங்கிடம் போகிறது. உங்கள் முறை வரும்போதும் அதே கதைதான். முதல் வரியில் இடம் இல்லையென்றால் இரண்டாவது வரி, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. உங்களுக்குக் கீழே ரேங்க் உள்ள ஒருவர் அதே இடத்தை முதல் சாய்ஸாகப் போட்டிருக்கிறார், நீங்கள் நாற்பதாவது சாய்ஸாகப் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் முதல் முப்பத்தொன்பதும் நிரம்பிவிட்டால் அந்த இடம் உங்களுக்குத்தான்.

இதிலிருந்து வரும் முடிவு எளிமையானது. கிடைக்காத இடத்தை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. “இது கிடைக்க வாய்ப்பில்லை, அதனால் கீழே போடலாம்” என்பது கட்-ஆஃப் பார்த்துப் பார்த்து வரும் வியாதி. வாய்ப்பு அதிகமாக இருப்பதை மேலே போட்டால், கணினி உடனே அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கீழே இருக்கும் நல்ல இடங்களை அது பார்க்கவே பார்க்காது. வரிசை என்பது முழுக்க முழுக்க உங்கள் ஆசையின் வரிசை. கட்-ஆஃபுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

இடங்கள் எங்கே இருக்கின்றன

அரசுக் கல்லூரிகளின் பிஜி இடங்களில் பாதி ஆல் இந்தியா கோட்டா. அதை மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்சிசி நடத்துகிறது, தளம் mcc.nic.in. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள், மத்திய பல்கலைக்கழகங்கள், பெரும்பாலும் மருத்துவமனைகளில் படிக்கும் டிஎன்பி இடங்கள் ஆகியவையும் அங்கேதான். மீதிப் பாதி ஸ்டேட் கோட்டா. தமிழ்நாட்டில் அதையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் இடங்களையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், பிஜிஐ, நிம்ஹான்ஸ் இவை எதுவும் இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு ஐஎன்ஐ-செட் என்று தனித் தேர்வு, தனிக் கவுன்சலிங்.

இரண்டிலும் பதிவு செய்யுங்கள். ஸ்டேட் கோட்டாவுக்கு யார் தகுதி என்பதை மட்டும் சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஜியில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் பிசி, எம்பிசி ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. எம்சிசியில் ஓபிசி என்று பதிவு செய்ய வேண்டுமானால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். கையில் பிசி சான்றிதழை வைத்துக்கொண்டு எம்சிசியில் ஓபிசி என்று டிக் செய்துவிட்டால், இடம் கிடைத்து ரிப்போர்ட் செய்யப் போகும்போது கல்லூரியில் அந்த இடமே ரத்தாகலாம். சாய்ஸ் போடும் முன்பே இதைச் சரி பார்த்துவிடுங்கள்.

ரேங்கைப் படிப்பது

எம்சிசி ஒவ்வொரு ரவுண்டுக்கும் வெளியிடும் ரிசல்ட் பிடிஎஃப்தான் உங்களுக்கு உள்ள நம்பகமான ஒரே தரவு. ரேங்க், கோட்டா, கல்லூரி, பாடப்பிரிவு, எந்தப் பிரிவில் ஒதுக்கப்பட்டது, அவருடைய சொந்தப் பிரிவு என்ன என்று வரிசையாக இருக்கும். இதில் Allotted Category, Candidate Category என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓபிசிகாரர் ஒருவருக்குப் பொதுப்பிரிவிலேயே இடம் கிடைத்திருந்தால் அவர் ரேங்கை ஓபிசி கட்-ஆஃபாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பிரிவில், உங்களுக்கு விருப்பமான பாடத்தில், ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக உள்ளே போன ரேங்கை முதல் ரவுண்டு, இரண்டாம் ரவுண்டு, மூன்றாம் ரவுண்டு என்று மூன்று கட்டங்களில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுத் தரவு இருந்தால் நல்லது. ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். 2024இல் தேர்வு இரண்டு ஷிஃப்டாக நடந்து மதிப்பெண் சமன் செய்யப்பட்டது, 2025இல் ஒரே ஷிஃப்ட். தேர்வு எழுதுபவர்களின் எண்ணிக்கையும் இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. புதிதாக பிஜி தொடங்கிய துறைக்குப் பழைய கட்-ஆஃபே இருக்காது. ஆல் இந்தியா ரேங்கும் மாநிலப் பட்டியலில் வரும் ரேங்கும் வெவ்வேறு என்பதால், ஒன்றின் கட்-ஆஃபை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

இந்தத் தரவின் வேலை ஒன்றுதான்: பட்டியலை எவ்வளவு தூரம் கீழே நீட்ட வேண்டும் என்று சொல்வது. கடந்த ஆண்டு உங்கள் ரேங்கைத் தாண்டி வெகுதூரம் போன இடங்கள் சிலவாவது உங்கள் பட்டியலின் அடியில் இருக்கட்டும். இல்லையென்றால் முழுப் பட்டியலும் ஆசையாகவே நின்றுவிடும், ஒன்றும் கிடைக்காது.

பாடமா, கல்லூரியா

என் கருத்து: பாடம் முதலில். கல்லூரி மூன்று ஆண்டுக்கு, பாடம் ஆயுளுக்கு. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆபரேஷனே நடக்காத இடத்தில் எம்எஸ் சர்ஜரி படிப்பதைவிட, நோயாளிகள் நிறைந்து வழியும் அரசு மருத்துவமனையில் கொஞ்சம் குறைவாகப் பிடித்த கிளினிக்கல் பாடம் படிப்பது மேல். கையால் செய்து கற்கும் பாடங்களுக்கு, அதாவது சர்ஜரி, மகப்பேறு, எலும்பு, மயக்கவியல் இவற்றுக்கு, கல்லூரிக்கு வரும் நோயாளிக் கூட்டம் மிக முக்கியம்.

அடுத்த படிப்பையும் இப்போதே யோசியுங்கள். டிஎம் கார்டியாலஜி, நியூராலஜி என்று போக நினைப்பவருக்குப் பொது மருத்துவம் வழி. எம்சிஎச் யூராலஜிக்குப் பொது அறுவைச் சிகிச்சை வழி. தோல் மருத்துவம், ரேடியாலஜி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அதோடு படிப்பை முடித்து வேலைக்குப் போய்விடுவார்கள். இன்னும் மூன்று ஆண்டு படிக்கக் குடும்ப நிலைமை இடம் தருமா என்ற கேள்விக்கு பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாக ஒழுங்காகிவிடும்.

கட்டணத்தை மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள்

ஓராண்டு டியூஷன் ஃபீஸை மட்டும் பார்த்து ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பிஜியில் நீங்கள் ஸ்டைபெண்டு வாங்குகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. சூத்திரம் இதுதான்: (டியூஷன் + ஹாஸ்டல் + சாப்பாடு) × 3, அதிலிருந்து மாத ஸ்டைபெண்டு × 36 கழிக்க வேண்டும்.

விளக்கத்துக்காக மூன்று எண்கள் வைத்துப் பார்ப்போம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 1 லட்சம் செலவு, மாதம் 45,000 ஸ்டைபெண்டு என்றால், மூன்று ஆண்டில் 13.2 லட்சம் கையில் நிற்கும். தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் செலவு, மாதம் 25,000 ஸ்டைபெண்டு என்றால், 6 லட்சம் கையை விட்டுப் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் 19 லட்சத்துக்கு மேல். நிகர்நிலையில் ஆண்டுக்கு 24 லட்சம், ஸ்டைபெண்டு 30,000 என்றால் 61 லட்சம் போகும்.

அந்தப் பணத்தைக் கடனாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 லட்சம் வீதம் மூன்று தவணை, 10 சதவீதம் தனிவட்டி. படிப்பு முடியும்போதே வட்டி 12 லட்சம் சேர்ந்து கடன் 72 லட்சமாகிவிடும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 95,000 கட்ட வேண்டும். ஒரு பாடத்தை முடித்த முதல் ஆண்டில் உங்கள் ஊரில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கல்லூரியின் தளத்தில் போட்டிருக்கும் ஸ்டைபெண்டை அப்படியே கணக்கில் எடுக்காதீர்கள். கணக்கில் வரவு வைத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்ற புகார்கள் சில தனியார் இடங்களைப் பற்றி வருவதுண்டு. அங்கே முதலாண்டு படிக்கும் ஒருவரிடம் கேட்டால் உண்மை தெரியும். இறுதியாண்டு மாணவரைவிட முதலாண்டுக்காரர்தான் இப்போதைய ஃபீஸ், இப்போதைய டியூட்டி பற்றிச் சரியாகச் சொல்வார்.

அரசு இடத்துக்குப் பாண்டு உண்டு. படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு அரசுப் பணி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆல் இந்தியா கோட்டாவில் வெளிமாநிலம் போகிறவர்களுக்கும் அந்த மாநிலத்தின் பாண்டுதான். தொகையோடு கால அளவையும் பட்டியலில் ஒரு கட்டமாக வையுங்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

பிஜி மாணவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2023 பிஜி விதிமுறை. முதலாண்டில் அந்த வார ஓய்வே பல துறைகளில் கேள்விக்குறிதான். ஆகவே தூரத்தை அளக்கும் அளவுகோல் இது: ராத்திரி கிளம்பி, வீட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு, மறுநாள் காலை வார்டு ரவுண்ட்ஸுக்கு வந்து நிற்க முடியுமா? முடிந்தால் அது பக்கம். முடியாவிட்டால் அறுநூறு கிலோமீட்டரும் இரண்டாயிரமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் விடுப்பு எடுத்துத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்தால் மாநில எல்லை அவ்வளவு முக்கியமில்லை என்பது புரியும். திருநெல்வேலிக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் எவ்வளவோ பக்கம். மொழி மட்டும் யோசிக்க வேண்டும். குழந்தை மருத்துவம், மனநலம், பொது மருத்துவம் படிப்பவர் நோயாளியிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும். மலையாளத்தைச் சில மாதங்களில் பிடித்துவிடலாம். இந்தியே தெரியாமல் உத்தரப்பிரதேசத்தில் வெளிநோயாளி பிரிவில் உட்காருவது வேறு கதை. பேத்தாலஜி, ரேடியாலஜிக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஒரு பட்டியலைப் போட்டுப் பார்ப்போம்

தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். ஓபிசி, சான்றிதழ் சரியாக இருக்கிறது. பொது மருத்துவம் முதல் ஆசை, குழந்தை மருத்துவம் இரண்டாவது. அப்பா ஓய்வு பெற்றவர், கடன் வேண்டாம் என்பது வீட்டின் முடிவு. அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போக வேண்டும்.

கடன் வேண்டாம் என்ற ஒரே வரியில் நிகர்நிலை முழுவதும் வெளியேறியது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆல் இந்தியா கோட்டாவுக்கு மட்டும் பதிந்தால் ஓபிசிக்கு முன்வைப்புத் தொகை 10,000 (பொதுப்பிரிவுக்கு 25,000). நிகர்நிலையையும் சேர்த்தால் யாராக இருந்தாலும் 2 லட்சம். போகப் போவதில்லை என்றால் அந்தத் தொகையை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை என்ற நிபந்தனையில் வட மாநிலங்கள் வெளியேறின. மீதி இருப்பதை வரிசைப்படுத்த அவர் செய்தது இரண்டிரண்டாக ஒப்பிடுவது. இரண்டு ஆணைகளும் ஒரே நாளில் கையில் வந்தால் எதைக் கிழித்துப் போடுவேன்? திருநெல்வேலி பொது மருத்துவம், மதுரை பொது மருத்துவம்: மதுரையைக் கிழிப்பார். திருவனந்தபுரம் பொது மருத்துவம், திருநெல்வேலி குழந்தை மருத்துவம்: இங்கே கொஞ்சம் தயங்கி, திருநெல்வேலியைக் கிழித்தார், ஏனென்றால் டிஎம் படிக்கும் ஆசை இருக்கிறது. திருநெல்வேலி குழந்தை மருத்துவம், சென்னை ஸ்டான்லி பொது மருத்துவம்: இந்த முறை ஸ்டான்லி போயிற்று, அம்மாவுக்காக.

கடைசியில் வரிசை இப்படி வந்தது: பொது மருத்துவம் திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம், பிறகு குழந்தை மருத்துவம் திருநெல்வேலி, பொது மருத்துவம் ஸ்டான்லி, குழந்தை மருத்துவம் மதுரை, அதற்குக் கீழே கோவை, பிறகு மதுரையில் டிஎன்பி இடங்கள், அடியில் திருநெல்வேலி பேத்தாலஜி. பாடமும் ஊரும் இப்படிக் கலந்து வருவதுதான் இயல்பு. பொது மருத்துவம் எல்லாம் மேலே, குழந்தை மருத்துவம் எல்லாம் கீழே என்று கட்டம் கட்டி அடுக்கியிருந்தால் இந்த வரிசை வந்திருக்காது.

பேத்தாலஜியை அடியில் போடும் முன் அவர் தன்னிடம் கேட்க வேண்டியது: இது கிடைத்தால் சேருவேனா, அல்லது அடுத்த ஆண்டு திரும்ப எழுதுவேனா? திரும்ப எழுதுவேன் என்றால் அந்த வரியை அழித்துவிட வேண்டும்.

பட்டியலை லாக் செய்யாமல் விட்டாலும் நேரம் முடிந்ததும் கணினியே லாக் செய்துவிடும். ஆனால் கடைசி நாள் இரவு வரிசையைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் அரைகுறைப் பட்டியல்தான் நிற்கும். முந்தின நாளே முடித்து, அச்செடுத்து, வீட்டில் வேறொருவரைக் கல்லூரிப் பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரி பாருங்கள்.

முதல் ரவுண்டுக்குப் பிறகு

அவருக்குக் கிடைத்தது மதுரை குழந்தை மருத்துவம், ஆறாவது சாய்ஸ். எம்சிசியின் முதல் ரவுண்டில் சேராமல் விட்டாலும் முன்வைப்புத் தொகை போகாது, இரண்டாம் ரவுண்டில் கலந்துகொள்ளலாம். ஆனால் இந்த இடம் அவருக்குப் பிடித்ததுதான் என்பதால், சேர்ந்துவிட்டு அப்கிரேடுக்கு விருப்பம் கொடுப்பதே புத்திசாலித்தனம். மேலே ஒன்று கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் மதுரை அப்படியே இருக்கும்.

இரண்டாம் ரவுண்டுக்குப் புதிதாகச் சாய்ஸ் போட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பழைய பட்டியலை அப்படியே மறுபடி ஏற்றிவிட்டால், ஆறாவதுக்குக் கீழே இருக்கும் கோவையோ டிஎன்பியோ அவர் தலையில் விழலாம். அப்கிரேடு ஆன நொடியில் பழைய இடம் தானாக ரத்து, அது வேறொருவருக்குப் போய்விடும். ‘அப்கிரேடு’ என்றால் என்ன என்பது கணினிக்குத் தெரியாது, நீங்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் அதற்கு மேலான இடம்தான். ஆகவே அவர் முதல் ஐந்து வரிகளை மட்டும் போட்டார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஐந்தில் எதுவும் கிடைக்காவிட்டால் ரிசல்டில் No Upgradation என்று வரும், மதுரையில் தொடரலாம்.

அந்த ஐந்தில் சிலவற்றுக்குக் காலியிடப் பட்டியலில் பூஜ்யம் என்று காட்டியது. அதைப் பார்த்து நீக்கக் கூடாது. இரண்டாம் ரவுண்டில் யாராவது மேலே நகர்ந்தால் அவர் விட்ட இடமும் அதே ரவுண்டில் ஒதுக்கப்படும். இன்று பூஜ்யமாக இருப்பது நாளை ரிசல்டில் இடமாக இருக்கும்.

இதே நேரத்தில் மாநிலக் கவுன்சலிங்கில் திருநெல்வேலி பொது மருத்துவம் கிடைத்தால்? மதுரையில் சேர்ந்த இடத்தை உரிய கெடுவுக்குள் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம். அசல் சான்றிதழ்கள் மதுரைக் கல்லூரியில் இருக்கும், அவற்றை வாங்க ஒரு நாளாவது ஆகும் என்று கணக்கில் வையுங்கள். கல்லூரியில் கையால் எழுதிக் கொடுத்த கடிதம் போதாது. எம்சிசி தளத்தின் வழியாக வந்த ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால்தான் அது செல்லும், இல்லையென்றால் கணினிக் கணக்கில் நீங்கள் இன்னும் மதுரை மாணவர்தான்.

இரண்டாம் ரவுண்டிலிருந்து விளையாட்டு மாறுகிறது. ஒதுக்கப்பட்டுச் சேரவில்லை என்றால் முன்வைப்புத் தொகை போய்விடும். மூன்றாம் ரவுண்டில் கிடைத்ததுதான் முடிவு, அதற்கு மேல் அப்கிரேடு கிடையாது. கடைசியில் வரும் ஸ்ட்ரே ரவுண்டில் இடம் கிடைத்துச் சேராவிட்டால் பணத்தோடு அடுத்த நீட் பிஜி எழுதும் உரிமையும் போகும்.

ஆகவே ரவுண்டு ஏற ஏறப் பட்டியல் குட்டையாக வேண்டும். முதல் ரவுண்டில் அரைமனதாக இருந்த வரிகளை வைத்திருந்தால் பாதகமில்லை. மூன்றாம் ரவுண்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஃபீஸ், பாண்டு, பயண நேரம் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து மறுபடி வாசித்து, “சரி, கிடைத்தால் நாளைக்கே பெட்டி கட்டுகிறேன்” என்று சொல்ல முடிகிற வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஸ்ட்ரேவில் கையில் இடம் இல்லாதவர் மட்டும்தான் கலந்துகொள்ள முடியும். அங்கே பெரும்பாலும் மிஞ்சுவது கட்டணம் அதிகமான இடங்களும், அனாடமி, பயோகெமிஸ்ட்ரி போன்ற கிளினிக்கல் அல்லாத பாடங்களும்தான். 2023இல் அப்படிக் காலியாகக் கிடந்த இடங்களை நிரப்பத் தகுதி பர்சன்டைலையே பூஜ்யமாக்கினார்கள். கடன் வேண்டாம், கிளினிக்கல் பாடம் மட்டும் என்று முடிவு செய்தவருக்கு ஸ்ட்ரேவில் பதிவே செய்யாமல், அந்த வாரமே அடுத்த தேர்வுக்குப் படிக்க உட்காருவது நல்லது.